எக்ஸிமா உள்ள தோலுக்கு வெயில் கால உடை: துணி, தையல், சலவை குறித்த முழுமையான வழிகாட்டி

"எக்ஸிமாவா? காட்டன் போடுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் அது பாதி விடைதான். மே மாதத்துச் சென்னையில் காலை பதினொரு மணிக்கு ஒரு காட்டன் பனியனைத் தொட்டுப் பாருங்கள். முதுகோடு ஒட்டி ஈரமாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கும் அப்படியேதான் இருக்கும். பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும். குடித்ததை எளிதில் விடாது. மதுரை, வேலூர் போன்ற ஊர்களின் வறண்ட வெயிலில் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். கடலோரப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் துணி காய வழியில்லை. ஈரத் தோலில் ஈரத் துணி உரசும்போது உராய்வு கூடுகிறது. வியர்வையின் உப்பு, ஏற்கெனவே வெடித்திருக்கும் தோலில் எரிகிறது. குழந்தை சொறிகிறது.

அதனால் 'எந்தத் துணி' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நனைந்த துணி எவ்வளவு நேரம் தோலின் மேல் இருக்கிறது? அந்த உடையில் எந்த விளிம்பு எந்த இடத்தில் உரசுகிறது? சலவைக்குப் பிறகு அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

திருப்பூரில் பின்னலாடைத் தரப் பரிசோதனையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். என் அக்காள் மகனுக்கு ஒன்பது வயது, சென்னையில் படிக்கிறான், கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து எக்ஸிமா. பாட்டி அதைக் கரப்பான் என்பார். அவனுடைய பள்ளிச் சீருடையை நாங்கள் மாற்றியமைத்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியைச் சொல்கிறேன். பெரியவர்களின் அலுவலகச் சட்டைக்கும் சல்வாருக்கும் இதே முறை பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கொடுத்த ஈரப்பதக் களிம்பும் மருந்தும் தொடர வேண்டும். உடை, தூண்டுதலைக் குறைக்கும். சிகிச்சையின் இடத்தைப் பிடிக்காது.

படி 1: எங்கே வருகிறது என்று பாருங்கள்

உடையை மாற்றும் முன், மாலையில் குழந்தையின் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். சிவந்த இடங்களையும் சொறிந்த கோடுகளையும் பாருங்கள். அவை இருக்கும் இடமே காரணத்தைப் பாதி சொல்லிவிடும்.

முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து ஆகியவை எக்ஸிமா வழக்கமாக வரும் இடங்கள். இவை மோசமானால் வியர்வையும் ஈரமும்தான் முதல் சந்தேகம். பிடரியின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் சிவந்திருந்தால் அது லேபிள். இடுப்பைச் சுற்றிப் பட்டையாக வந்தால் எலாஸ்டிக். தொப்புளுக்குக் கீழே நாணய அளவில் வந்தால் பெல்ட் கொக்கி அல்லது ஜீன்ஸ் பொத்தானின் நிக்கல்.

அக்குளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். குழியின் நடுவில் வந்திருந்தால் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் டியோடரன்ட் காரணம். குழியை விட்டுவிட்டு அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் வந்திருந்தால், அங்கேதான் துணி அழுத்தி உரசுகிறது. துணியின் சாயமோ இறுதிப்பூச்சோ ஒவ்வாமல் இருக்கலாம்.

எக்ஸிமா போலத் தோன்றி ஏமாற்றுபவை இரண்டு. நெற்றியிலும் முதுகிலும் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாக வந்தால் அது வேர்க்குரு. குளிர்ச்சியும் காற்றும் போதும், அடங்கிவிடும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்து பரவினால் படர்தாமரை. அதற்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு ஆகவே ஆகாது. சில நாள் அரிப்பு அடங்கியதுபோல இருக்கும். பிறகு இடுப்பெல்லாம் பரவும். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் கீழே உள்ள சலவைக் கணக்கால் தீராது.

படி 2: துணியைத் தேர்ந்தெடுப்பது

தோலில் நேரடியாகப் படும் அடுக்கு, அதாவது பனியனும் ஜட்டியும், பருத்தியாகவே இருக்கட்டும். ஆனால் எல்லாப் பருத்தியும் ஒன்றல்ல. நூல் நூற்கும்போது குட்டையான இழைகளைச் சீவி எடுத்துவிட்டால் அது கோம்டு நூல். எடுக்காவிட்டால் கார்டடு நூல். அதில் இழைகளின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடையில் பனியனை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் ரோமம் போலப் பஞ்சு தெரிந்தால் வேண்டாம். என்சைம் கொண்டு அந்தப் பஞ்சை நீக்கியிருந்தால் அதை 'பயோவாஷ்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். கோம்டும் பயோவாஷும் சேர்ந்த துணி இந்தத் தோலுக்கு நல்லது. விலை கொஞ்சம்தான் கூடும்.

கைவிரல் காய்த்துப் போயிருக்கும். அதனால் துணியின் சொரசொரப்பு அதற்குத் தெரியாது. துணியை முன்கையின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் எக்ஸிமா உள்ள தோலில் பலமடங்கு உறுத்தும்.

பனியனுக்குச் சதுர மீட்டருக்கு 140 முதல் 160 கிராம் எடையுள்ள ஒற்றைப் பின்னல் ஜெர்சி போதும். டி-ஷர்ட்டுக்கு வரும் 180, 200 கிராம் துணி தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் அவ்வளவு வியர்வையையும் சுமந்துகொண்டு திரியும். உடம்போடு ஒட்டும் ரிப் பனியனும் வெயில் காலத்துக்கு உதவாது. ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள்.

வீட்டில் உடுத்தவும் விரித்துப் படுக்கவும் பழைய வேட்டியை மிஞ்சியது எதுவும் இல்லை. பல சலவைகளில் அதன் இறுதிப்பூச்சும் உதிரிப் பஞ்சும் போய்விட்டிருக்கும். நெசவு மெல்லியது, காற்று புகும். குழந்தைக்குப் பாட்டி வேட்டியைக் கிழித்து விரித்தது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. புதுக் கதர் இதற்கு நேர்மாறு. கையால் நூற்ற நூலில் பஞ்சு அதிகம். நன்றாகத் துவைத்துப் பழகிய பிறகே இந்தத் தோலுக்கு ஆகும்.

'மூங்கில் துணி' என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான். மூங்கிலைக் கூழாக்கி வேதிமுறையில் இழையாக்கியது. மிருதுவானது, அணியலாம். ஆனால் பருத்தியைவிடவும் அதிக ஈரம் ஏற்கும், நனைந்தால் வலுவிழக்கும். மூங்கில் என்பதாலேயே கிருமியைக் கொல்லும் என்ற பேச்சுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எக்ஸிமாவுக்கென்றே விற்கப்படும் விலை உயர்ந்த பட்டு உள்ளாடைகளும் அப்படித்தான். இங்கிலாந்தில் 300 குழந்தைகளிடம் ஆறு மாதம் சோதித்துப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு பட்டு உடையைச் சேர்த்ததால் எக்ஸிமாவின் தீவிரம் கூடுதலாகக் குறையவில்லை.

பாலியெஸ்டரை ஒரேயடியாக ஒதுக்குகிறவன் அல்ல நான். விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய, வழவழப்பான பாலியெஸ்டர் வியர்வையைப் பரப்பி விரைவில் காய்ந்துவிடும். வெளிர் நிறத்தில், தொளதொளவென்று இருந்தால் ஒரு மணி நேர விளையாட்டுக்குச் சில எக்ஸிமா தோல்கள் அதை நன்றாகவே தாங்குகின்றன. சிக்கல் அடர் நிறத்தில் இருக்கிறது. பாலியெஸ்டருக்கு ஏற்றும் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்கள் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. வியர்வையிலும் உராய்விலும் சிறிது சிறிதாக வெளியேறலாம். அவற்றில் டிஸ்பர்ஸ் புளூ 106, டிஸ்பர்ஸ் புளூ 124 என்ற இரண்டும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. கடைக்காரருக்கு எந்தச் சாயம் என்று தெரிந்திருக்காது. அதனால் கருநீலம், கறுப்பு நிறப் பாலியெஸ்டர் நேரடியாகத் தோலில் படாமல் பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

'நூறு சதவீதம் காட்டன்' என்ற லேபிளை நம்ப முடியவில்லையா? மடிப்பின் உள்ளிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். தையல் நூலை உருவிவிடாதீர்கள்; காட்டன் சட்டையிலும் அது பெரும்பாலும் பாலியெஸ்டராகவே இருக்கும்.

'சுருங்காது', 'இஸ்திரி வேண்டாம்' என்று விற்கும் சட்டைகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின் ஏற்றியிருப்பார்கள். துவைத்தால் குறையும், முழுதாகப் போகாது. அந்தச் சட்டைகளைத் தவிர்த்துவிடுங்கள். துணியில் தீங்கான வேதிப்பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் 100 முத்திரை இருக்கும் உடைகளில் தோலில் படும் வகைக்கு ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கைக்குழந்தை வகைக்கு வரம்பு இன்னும் கடுமை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சும் துணிகளில் இந்த முத்திரை கண்ணில் படும்.

படி 3: உடையைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் உடையின் வெளிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சாதாரணப் பனியனின் தோள், பக்கவாட்டு இணைப்புகள் ஓவர்லாக் தையலில் இருக்கும். உள்ளே ஒரு வரப்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். உலர்ந்த தோலில் அது தெரியாது. வியர்த்த தோலில், பள்ளிப் பையின் பட்டை மேலே அழுத்தும்போது, தோளில் அந்த வரப்பு ஒரு கோடு கிழித்துவிடும். பிளாட்லாக் தையலில் இரண்டு துணிகளும் ஏறக்குறையச் சமதளமாகச் சேரும். விரலால் தடவினால் மேடு இருக்காது. அது கிடைத்தால் எடுங்கள். பக்கவாட்டில் தையலே இல்லாமல் குழாய் வடிவில் பின்னிய பனியன்களும் கிடைக்கின்றன. எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கிற பனியனையே உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுவிடுங்கள். மேலே சட்டை இருக்கும்போது யாருக்குத் தெரியப்போகிறது? சாக்ஸுக்கும் இதே வழிதான். கால்விரல் நுனியில் இருக்கும் தடித்த தையல் வெளியே போய்விடும்.

வரப்பைவிட மோசமான எதிரி, மீன்பிடி நரம்பு போன்ற கண்ணாடி நூல். விலை மலிவான உடைகளில் லேபிளையும் மடிப்பையும் இதனால் தைத்துவிடுவார்கள். அதன் வெட்டிய முனை ஊசிபோலக் குத்தும். கண்ணுக்குத் தெரியாது. மடிப்பின் மேல் உதட்டை வைத்து மெதுவாக இழுத்தால் உடனே தெரிந்துவிடும்.

லேபிளைக் கத்தரியால் நறுக்காதீர்கள். தையலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டு, முழு லேபிளைவிடக் கூர்மையாக இருக்கும். தையல் பிரிக்கும் சிறு கருவி டெய்லரிங் பொருள் கடைகளில் கிடைக்கும். லேபிளைப் பிடித்திருக்கும் தையலை ஒவ்வொன்றாக அறுத்து முழுதாக எடுங்கள். கழுத்துத் தையலோடு சேர்த்துத் தைத்திருந்தால் இரண்டு அங்குலம் பிரித்து, லேபிளை உருவி, மீண்டும் கையால் தைத்துவிடலாம்.

எலாஸ்டிக் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். ரப்பர் நேரடியாகத் தோலில் படக்கூடாது. உள்ளாடையைப் பளிச்சென்று வெளுக்க பிளீச் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சிலவகை எலாஸ்டிக் ரப்பரில் உள்ள வேதிப்பொருள் குளோரின் பிளீச்சோடு வினைபுரிந்து புதிதாக ஓர் ஒவ்வாமைப் பொருளாக மாறுவது மருத்துவ உலகம் அறிந்த விஷயம்.

படி 4: சீருடையைச் சரிசெய்தது எப்படி

பையனின் சீருடை இப்படி இருந்தது: பாலியெஸ்டர் அதிகம் கலந்த வெள்ளை அரைக்கைச் சட்டை, கருநீலப் பாலியெஸ்டர்-விஸ்கோஸ் பேன்ட், பெல்ட், டை, கையில்லாத பனியன், நைலான் சாக்ஸ். பிடரி, முழங்கை மடிப்பு, இடுப்பு, முழங்காலின் பின்புறம் நான்கிலும் சிவப்பு.

முதலில் பனியன். கையில்லாத பனியன் அக்குளையும் தோளையும் சட்டையிடம் விட்டுவிடுகிறது. அரைக்கைப் பனியனாக, ஒரு சைஸ் பெரியதாக, நீளமாக மாற்றினோம். நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. பனியனைப் பேன்ட்டுக்குள் நன்றாகச் செருகினால் இடுப்புப்பட்டியும் பெல்ட் கொக்கியும் பனியனின் மேல் படும், தோலில் படாது. இடுப்புச் சிவப்புக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

அடுத்தது சட்டை. பள்ளி சொன்ன நிறத்தில், முழுப் பருத்தித் துணி வாங்கித் தைக்கக் கொடுத்தோம். காலருக்குள் ஒட்டும் பக்ரம் அட்டைபோல விறைப்பாக நின்று பிடரியைத் தேய்க்கும்.

"மாஸ்டர், காலருக்குப் பக்ரம் வேண்டாம்" என்றாள் அக்கா.

"பக்ரம் இல்லாவிட்டால் காலர் நிற்காதே அம்மா. பள்ளியில் திட்டுவார்களே?"

கடைசியில் மேல் காலருக்கு மட்டும் மெல்லிய பக்ரம், கழுத்தைச் சுற்றும் பட்டைக்கு வெறும் துணி என்று முடிவானது. பக்கவாட்டு இணைப்பை ஓவர்லாக் செய்து விடாமல், ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டுத் தட்டையாக்கினார். கையின் நீளத்தை இரண்டு அங்குலம் குறைத்தார். முன்பு கையின் மடிப்பு சரியாக முழங்கை மடிப்புக்கு மேலே வந்து, எழுதும்போதெல்லாம் அங்கே அறுத்துக்கொண்டிருந்தது.

பேன்ட்டுக்கு லைனிங் கொடுக்கலாமா என்று யோசித்தோம். லைனிங் உராய்வைத் தடுக்கும், ஆனால் வெயிலில் இன்னோர் அடுக்கு. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுத்து, கோடைக்காலத்தில் அரைக்கால் சட்டைக்கு அனுமதி கேட்டோம். கொடுத்தார்கள். முழங்காலின் பின்புறத்தைத் தொட இப்போது துணியே இல்லை.

கடைசியாக, பையில் மாற்றுப் பனியன். மதிய உணவு இடைவேளையில் ஈரப் பனியனைக் கழற்றி, நனைத்துப் பிழிந்த துணியால் முதுகையும் மடிப்புகளையும் ஒற்றியெடுத்து, தேய்க்காமல் உலரவிட்டு, களிம்பு தடவி, உலர்ந்த பனியனைப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. எத்தனை உயர்ந்த துணி வாங்கினாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது என்பது என் கருத்து. ஈரப் பனியன் போகும் பையை வீட்டுக்கு வந்ததும் காலி செய்துவிட வேண்டும். இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.

இவற்றை ஒரே நாளில் செய்யவில்லை. ஒரு மாற்றம், இரண்டு வாரம், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல், தேவையில்லாத செலவையும் ஆண்டுக்கணக்கில் சுமப்போம். பிடரியும் இடுப்பும் விரைவில் தெளிந்தன. முழங்கை மடிப்பு குறைந்தது, போகவில்லை. அங்கே உடையால் ஆகக்கூடியது அவ்வளவுதான். இன்னொரு எச்சரிக்கை. மே மாதத்தையும் டிசம்பரையும் ஒப்பிடாதீர்கள். பருவம் மாறினாலே சிலருக்குக் குறையும், அந்தப் பெருமை புதுப் பனியனுக்குப் போய்விடும்.

படி 5: புது உடையை முதலில் துவைப்பது

எந்தப் புது உடையையும் துவைக்காமல் அணிவிக்க வேண்டாம். தறியில் ஏற்றிய பசை, மிருதுவாக்கும் பூச்சு, ஒட்டாமல் தங்கிய சாயம் எல்லாம் அதில் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துத் துவையுங்கள். பிறகு இரண்டு சோதனைகள். ஈரமான வெள்ளைத் துணியால் உட்பக்கத்தை அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் மறுபடி துவையுங்கள். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்துப்போல நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது, வியர்வையையும் அப்படியே நிற்க வைக்கும்.

படி 6: சலவை

அதிகமாகத் தவறுவது இங்கேதான். வாசனை வந்தால்தான் சுத்தம், நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று இரண்டு நம்பிக்கைகள் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கின்றன.

ஆரோக்கியமான தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் ஐந்தை ஒட்டி இருக்கும். சலவைத் தூள், சலவைக் கட்டி இரண்டும் காரத்தன்மை மிக்கவை, பிஎச் பத்தை ஒட்டியவை. துணியில் தங்கும் எச்சம் வியர்வையில் கரைந்து தோலுக்கு வந்தால், பலவீனமான தோல் இன்னும் பலவீனமாகும். சலவைக் கட்டியைக் காலரிலும் அக்குளிலும் நேரடியாகத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அதிகம் வியர்க்கும் இடத்தில்தான் அதிக எச்சமும் தங்குகிறது.

எதை வாங்குவது? மணமும் நிறமும் சேர்க்காத திரவ டிடர்ஜென்ட் கிடைத்தால் முதல் தேர்வு. 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லைப் பார்த்து மயங்காமல் பின்பக்கப் பட்டியலில் நறுமணம் இருக்கிறதா என்று பாருங்கள். என்சைம் இருந்தால் பயப்பட வேண்டாம். அலசிய துணியில் அது தோலைக் கெடுக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழையின் மேல் ஒரு படலம் பூசி, பருத்தியின் உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. நறுமணமும் கூடவே வருகிறது. கடைசி அலசலில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் வழக்கமும் வேண்டாம். பூந்திக்கொட்டை பயன்படுத்தலாம், ஆனால் களிம்புப் பிசுக்கை அது அகற்றாது. அதற்கும் நன்றாக அலச வேண்டும்.

அளவு: பத்து லிட்டர் வாளியில் ஒரு கிலோ துணி என்றால், குழந்தையின் அன்றாட வியர்வைத் துணிக்கு மட்டமாக ஒரு மேசைக்கரண்டித் தூள் போதும். முதலில் ஒரு குவளை வெந்நீரில் முழுவதும் கரைத்துவிட்டுத்தான் வாளியில் ஊற்ற வேண்டும். கரையாத மணிகள் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

இனி அலசல். தண்ணீரை வாளி வாளியாகக் கொட்டுவதைவிட, ஒவ்வோர் அலசலுக்கும் இடையே பிழிவதுதான் முக்கியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ துணியைப் பிழியாமல் தூக்கினால் ஏறக்குறைய மூன்று லிட்டர் சோப்புத் தண்ணீர் அதிலேயே இருக்கும். அதைப் பத்து லிட்டர் நல்ல நீரில் போட்டால் மொத்தம் பதின்மூன்று லிட்டர். எடுக்கும்போது மறுபடி மூன்று லிட்டர் கூடவே வரும். ஒவ்வொரு முறையும் பதின்மூன்றில் மூன்று பங்கு தங்குகிறது. மூன்று முறை அலசியபின் மிஞ்சுவது எண்பதில் ஒரு பங்கு. நன்றாகப் பிழிந்து ஒரு லிட்டர் மட்டும் விட்டால், ஒவ்வொரு முறையும் பதினொன்றில் ஒரு பங்குதான் தங்கும். அதே மூன்று அலசலில் மிஞ்சுவது ஆயிரத்து முந்நூறில் ஒரு பங்கு. தண்ணீர் ஒன்றுதான், மிஞ்சும் பங்கில் பதினாறு மடங்கு வித்தியாசம். இழையோடு ஒட்டிய எச்சத்துக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும்.

இயந்திரத்தில் துவைப்பவர்கள் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திணிக்காமல், கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் சலவை சரியா என்று அறிய, துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை வெந்நீரில் போட்டுக் கையால் வேகமாகக் கலக்குங்கள். நுரை எழுந்து நின்றால் டிடர்ஜென்ட் அதிகம் அல்லது அலசல் போதவில்லை.

போர்வெல் தண்ணீரில் துண்டு பப்படம்போல விறைத்துக் காய்கிறதா? கடினநீரில் டிடர்ஜென்ட் வலுவிழப்பதால் நாம் இன்னும் அள்ளிப் போடுகிறோம், எச்சமும் கூடுகிறது. குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ மழைநீரோ கொஞ்சம் கிடைத்தால் கடைசி அலசலுக்கு ஒதுக்குங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால் மிச்சக் காரம் குறையும். பிளீச்சோடு வினிகரை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

கஞ்சி வேண்டவே வேண்டாம். விறைத்த விளிம்பு வியர்த்த தோலில் அறுக்கும், நனைந்தால் பிசுபிசுக்கும். வெளியே சலவைக்குக் கொடுத்தால் குறியை எதனால் போடுகிறார்கள் என்று கேளுங்கள். சேங்கொட்டைச் சாறு கொண்டு போடும் பழைய முறை, குறி படும் இடத்தில் கொப்புளம் கிளப்பும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் பிடரியில் இதைக் கண்டு மருத்துவர்கள் 1943-இல் பதிவு செய்தார்கள். மார்க்கர் பேனாவோ நூல் முடிச்சோ போதும்.

வெயிலில் உலர்த்துங்கள், ஆனால் முருங்கை மரத்தடியில் கொடி கட்டாதீர்கள். கம்பளிப்பூச்சியின் ரோமம் காற்றில் பறந்து துணியில் ஒட்டும். எந்த டிடர்ஜென்டும் தராத அரிப்பை அது தரும். அடுக்கும் இடத்தில் அந்துருண்டை வேண்டாம்.

படி 7: களிம்பும் துணியும்

பாரஃபின் களிம்பு தடவும் குழந்தையின் உடையில் அது ஊறி, சலவைக்குப் பின்னும் கொஞ்சம் தங்கும். எலாஸ்டிக் சீக்கிரம் தளரும், துணி பிசுக்கேறும். இவற்றைத் தனியாக, லேபிள் அனுமதிக்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். களிம்பு ஊறிக் காய்ந்த துணி எளிதில் தீப்பிடிக்கும். துவைத்தாலும் அந்த ஆபத்து முழுதாக நீங்காது. அடுப்பு, விளக்கு, பட்டாசு இருக்கும் இடத்துக்குப் போகும்போது களிம்பு படாத வேறு உடையை மாற்றிவிடுங்கள். தடவியபின் பத்து, பதினைந்து நிமிடம் விட்டு உடுத்தினால் ஊறுவதும் குறையும்.

படி 8: எப்போது மருத்துவரிடம் போவது

மஞ்சள் நிறப் பொருக்கு, நீர் வடிதல், கூடிவரும் வலி இருந்தால் கிருமித்தொற்று, அன்றே காட்டுங்கள். காய்ச்சலோடு ஒரே அளவிலான சின்னச்சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் காத்திருக்காமல் அவசரமாகக் காட்ட வேண்டும்.

மேலே சொன்னவை எல்லாம் செய்தும் துணி உரசும் இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் எந்தப் பொருள் ஒவ்வாது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்ட் பற்றித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். முதுகில் ஒட்டுப்பட்டைகள் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள். அப்போது ஒரு முறையும், ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். சந்தேகப்படும் உடையில் ஒரு சிறு துண்டை வெட்டி, டிடர்ஜென்ட் உறையின் படத்தோடு எடுத்துச் செல்லுங்கள். டிடர்ஜென்டை அப்படியே ஒட்டிச் சோதிக்கச் சொல்லாதீர்கள், அது யார் தோலையும் புண்ணாக்கும். பட்டை ஒட்டியிருக்கும் நாள்களில் முதுகு நனையக்கூடாது, வியர்த்தால் பட்டை கழன்றுவிடும். அதனால் அவசரம் இல்லையென்றால் இந்தச் சோதனையை மே மாதத்தில் வைத்துக்கொள்ளாமல் மார்கழி, தை மாதங்களுக்கு நாள் கேளுங்கள்.